பம்பர், டயர், பேட்டரிக்குப் பாதி விலைதான்: கார் க்ளெய்மில் தேய்மானம் எப்படிக் கணக்காகிறது

கேள்வி: கார் வாங்கி மூணு வருஷம் நாலு மாசம் ஆச்சு. 1200 சிசி பெட்ரோல் வண்டி. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசிதான், கூடுதலா எதுவும் எடுக்கல. போன மாசம் வலது பக்கமா மீடியன்ல ஏறி இடிச்சிடுச்சு. ஒர்க்‌ஷாப் பில் 99,000 ரூபாய். கம்பெனி 62,000 தான் தருவாங்களாம். பம்பர், ஹெட்லைட், டயர், பேட்டரி எல்லாத்துக்கும் பாதி விலை போட்டிருக்காங்க. பேட்டரி வாங்கி எட்டு மாசம்கூட ஆகல. சர்வே ஷீட்டையும் பில்லையும் படங்களையும் இணைச்சிருக்கேன். இது சரியா?

பாதி விலை போட்டது சரிதான். ஆனால் உங்கள் ஷீட்டில் வேறு இரண்டு வரிகள் தவறு. அவற்றைத் திருத்தினால் உங்களுக்கு வரவேண்டியது 62,000 இல்லை, 68,500 ரூபாய். எந்த வரிகள் என்று பார்ப்பதற்கு முன் தேய்மான அட்டவணை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் ஷீட்டை நீங்களே வரி வரியாகச் சரிபார்த்துவிடலாம்.

உங்கள் பாலிசிப் புத்தகத்தில் முதல் பிரிவு, அதாவது வண்டிக்கு ஏற்படும் சேதம் பற்றிய பிரிவில், ஒரு சின்ன அட்டவணை இருக்கும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதித் தொகுப்பாக 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃபிலிருந்து வந்தது அது. 2007 ஜனவரியில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று ஆனபோதும் பாலிசியின் அடிப்படை வாசகமும் இந்த அட்டவணையும் அப்படியே தொடர்ந்தன. அதனால்தான் எந்த நிறுவனத்திடம் பாலிசி எடுத்தாலும் அடிப்படைப் பாலிசியில் இந்தப் பக்கம் மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது.

அந்த அட்டவணை உதிரிபாகங்களை இரண்டு விதமாகப் பார்க்கிறது. முதல் விதத்தில் பாகம் எந்தப் பொருளால் ஆனது என்பது மட்டுமே கணக்கு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் கழிவு. ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இவற்றில் வண்டியின் வயது வருவதே கிடையாது. ஷோரூமிலிருந்து எடுத்த மறுநாள் பம்பர் உடைந்தாலும் 50 சதவீதம்தான், ஒன்பதாவது வருஷம் உடைந்தாலும் அதே 50 சதவீதம்தான்.

இரண்டாவது விதம், மேலே சொன்ன எதிலும் சேராத மற்ற எல்லாப் பாகங்களுக்கும் உரியது. நடைமுறையில் இது உலோகப் பாகங்கள். இங்கேதான் வண்டியின் வயது கணக்கில் வருகிறது. ஆறு மாதம் வரை கழிவு இல்லை. ஆறு மாதம் தாண்டி ஒரு வருஷம் வரை 5 சதவீதம், இரண்டு வருஷம் வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50. உங்கள் வண்டி மூன்றைத் தாண்டி நான்குக்குள் இருப்பதால் 25 சதவீதம். வயதைப் பதிவுத் தேதியிலிருந்து விபத்து நடந்த தேதி வரை எண்ணுவார்கள். பாலிசி தொடங்கிய தேதிக்கோ ஒர்க்‌ஷாப் பில் போட்ட தேதிக்கோ இதில் வேலையில்லை. மூன்று வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது விபத்து நடந்து, பாகம் வந்து பில் போட இரண்டு மாதம் ஆனாலும் கழிவு 15 சதவீதம்தான். இப்படி ஓரத்தில் விழும் க்ளெய்ம்களில் அடுத்த படியின் சதவீதத்தைப் போட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை என்பதால் முதலில் அந்த இரண்டு தேதிகளைப் பாருங்கள்.

இனி உங்கள் ஷீட். பில்லில் உள்ள 99,000 ரூபாயை வகை பிரித்தால் இப்படி வருகிறது, வரி சேர்த்த விலையில். பம்பர் 9,000, ஹெட்லைட் 12,000, கிரில் 2,600, ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனர் 1,400. ஆக பிளாஸ்டிக் மட்டும் 25,000. டயர் ஒன்று 6,000. பேட்டரி 5,000. உலோகத்தில் பானட் 11,000, ஃபெண்டர் 5,000, ஏசி கண்டென்சர் 8,000, அலாய் வீல் 8,000, ஆக 32,000. முன்கண்ணாடி 9,000. பெயிண்டிங் மொத்தமாக 12,000. லேபர் 8,000. ஏசி கேஸ், கிளிப், போல்ட் வகையறா 2,000.

பிளாஸ்டிக் 25,000-க்கு 12,500 தந்திருக்கிறார்கள், சரி. இதில் ஹெட்லைட்டைப் பற்றித்தான் பலருக்கும் மனத்தாங்கல். கண்ணாடிக்குக் கழிவு இல்லை என்று அட்டவணையே சொல்கிறதே, ஹெட்லைட் கண்ணாடிதானே என்று கேட்பார்கள். இன்றைய ஹெட்லைட்டின் முன்பக்கம் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கழற்றிய பழைய ஹெட்லைட்டின் ஓரத்தைப் பாருங்கள். அச்சில் வார்க்கும்போதே பொருளின் குறியீட்டைப் பதித்திருப்பார்கள். >PC< என்று இருந்தால் பாலிகார்பனேட், பின்கூட்டில் >PP< என்று தொடங்கினால் பாலிப்ரொப்பிலீன். இரண்டும் பிளாஸ்டிக், எனவே 50. முன்கண்ணாடி, பின்கண்ணாடி, கதவுக் கண்ணாடி, சைடு மிரருக்குள் இருக்கும் கண்ணாடித் தகடு ஆகியவையே உண்மையான கண்ணாடி வகை. உங்கள் முன்கண்ணாடிக்கு 9,000 முழுதாக வந்திருக்கிறது.

பம்பர் விஷயத்தில் இதற்கு நேர்மாறான குழப்பம். நம் ஊரில் பம்பரை ‘ஃபைபர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதை வைத்து 30 சதவீதம்தானே கழிக்க வேண்டும் என்று வாதாடுபவர்கள் உண்டு. அட்டவணையில் உள்ள 30 சதவீதம், கண்ணாடி இழையைப் பிசினில் பதித்துச் செய்யும் ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு. சாதாரணக் கார்களின் பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் கலவை. உட்புறத்தில் >PP+EPDM< போன்ற குறியீடு இருக்கும். பேச்சு வழக்கை நம்பி 30 கேட்டால் அந்த வாதம் நிற்காது.

நிற்கக்கூடிய வாதம் வேறொன்று இருக்கிறது. பிளாஸ்டிக்கும் உலோகமும் கலந்த பாகத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று அட்டவணை சொல்லவில்லை. ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், இரு பக்கத் தொட்டிகள் நைலான். ரேடியேட்டர் ஃபேனில் மோட்டார் உலோகம், சுற்றியுள்ள கூடு பிளாஸ்டிக். சைடு மிரரில் கூடு பிளாஸ்டிக், உள்ளே கண்ணாடி, அதற்குள் சின்ன மோட்டார். நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பொதுவாக எந்தப் பொருள் அதிகமோ அந்த வகையில் முழு பாகத்தையும் போட்டுவிடுவார். இங்கே நீங்கள் செய்யக்கூடியது, அந்த பாகத்தின் உட்பகுதிகள் தனித்தனி பார்ட் நம்பரில் கிடைக்குமா என்று ஒர்க்‌ஷாப்பின் பார்ட்ஸ் கவுன்டரில் கேட்பது. மிரர் கண்ணாடி மட்டும் உடைந்திருந்து அது தனியாகக் கிடைக்குமானால், முழு அசெம்பிளியை எஸ்டிமேட்டில் போட்டு 50 சதவீதம் இழக்கத் தேவையில்லை. கண்ணாடியைத் தனி வரியாகப் போட்டால் கழிவே இல்லை. இதை வேலை தொடங்குவதற்கு முன், எஸ்டிமேட் தயாராகும்போதே பேச வேண்டும். பில் போட்டபின் ஒரே பார்ட் நம்பரைப் பிரிக்க முடியாது.

தேய்மானம் புதிதாக மாற்றும் பாகத்துக்கு மட்டும்தான் என்பதும் பம்பர் விஷயத்தில் பயன்படும். பம்பரின் ஓரக் காது உடைந்திருந்தால், அல்லது ஒரு சின்னக் கீறல்தான் விழுந்திருந்தால், பிளாஸ்டிக் வெல்டிங் செய்து சரிபண்ணலாம். அப்போது அது லேபர் கணக்கு. லேபருக்குத் தேய்மானம் கிடையாது. 9,000 ரூபாய் பம்பரை மாற்றினால் உங்கள் கையிலிருந்து 4,500 போகும்; 2,500 ரூபாயில் வெல்டிங் செய்தால் அந்த வரியில் உங்கள் பங்கு ஒன்றுமில்லை. ஆனால் பம்பரை வண்டியோடு பிடிக்கும் முக்கிய இடங்கள் உடைந்திருந்தால் வெல்டிங் தாங்காது. சில மாதங்களில் ஓரம் தொங்க ஆரம்பித்துவிடும். உங்கள் படத்தில் பம்பர் நடுவாகக் கிழிந்திருப்பதால் மாற்றியதுதான் முறை.

இப்போது டயர். டயருக்கு அட்டவணை மட்டும் இல்லை, பாலிசியின் விலக்குகளிலும் தனியாக ஒரு வரி இருக்கிறது. டயருக்கும் டியூபுக்கும் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை. அதே சமயத்தில் வண்டிக்கும் சேதம் ஏற்பட்டிருந்தால் மட்டும், புதிது மாற்றும் செலவில் 50 சதவீதம் வரை தரும் என்பது அதன் சாரம். எனவே பள்ளத்தில் இறங்கி டயர் மட்டும் வெடித்தால் அடிப்படைப் பாலிசியில் ஒரு ரூபாய்கூட வராது. டயரோடு ரிம் வளைந்திருந்தால், லோயர் ஆர்ம் கோணியிருந்தால், லைனர் கிழிந்திருந்தால் வண்டிக்கும் சேதம் என்றாகிறது. அதனால் ஸ்டெப்னி மாட்டுவதற்கு முன், டயர் வண்டியில் இருக்கும் நிலையில் ரிம்மும் லைனரும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுத்துவைப்பது முக்கியம். டயரைக் கழற்றித் தனியாக எடுத்த படத்தால் ‘அதே சமயத்தில்’ என்பதை நிரூபிக்க முடியாது.

அட்டவணையின் 50-ம் விலக்கு வரியின் 50-ம் ஒன்றையே சொல்கின்றன. 6,000 ரூபாய் டயருக்கு முதலில் பாதி, மிஞ்சியதில் மறுபடி பாதி என்று 1,500 போட்டிருந்தால் அது தவறு. உங்களுக்கு 3,000 போட்டிருக்கிறார்கள், சரி.

சர்வேயர் டயரில் இன்னொன்றையும் பார்ப்பார்: இது மோதலில் வந்த சேதமா, தேய்ந்து வந்ததா என்று. தேய்மானத்தால் வந்த பழுது பாலிசியில் சேராது. மீடியன் கல்லிலோ பள்ளத்தின் விளிம்பிலோ மோதிய டயரில் பக்கச்சுவரில் வெட்டு இருக்கும், அல்லது உள்ளே இழை அறுந்து வீக்கம் இருக்கும். அதற்கு நேராக ரிம்மின் உதடும் மடங்கியிருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் பொருந்தினால் கேள்வி எழாது. டயரின் தரைபடும் பகுதி நடுக் காடிகளில் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் மேடு வரை தேய்ந்து, வெடிப்பும் அங்கேயே இருந்தால் டயர் வரியை மறுக்க அவருக்குக் காரணம் கிடைக்கிறது. அப்போதும் டயர் வெடித்ததால் வண்டி மோதிய சேதத்தையும் சேர்த்து மறுப்பது வேறு விஷயம். மோதல் விபத்துதான், அந்தச் சேதம் பாலிசிக்குள் வரும்.

ஜோடியாக மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் சொன்னால், சேதமான டயருக்கு மட்டுமே பாதி கிடைக்கும். எதிர்ப்பக்க டயர் முழுக்க உங்கள் செலவு.

உங்கள் ஷீட்டின் முதல் பிழை இந்த டயர் வரியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அலாய் வீல் வித் டயர், 14,000, தேய்மானம் 50, வழங்குவது 7,000’ என்று ஒரே வரியாக எழுதியிருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டில் இரண்டும் சேர்ந்து இருந்ததால் சர்வேயர் அப்படியே எடுத்திருக்கலாம். ஆனால் ரிம் அலுமினியக் கலவை. அது டயரும் இல்லை, ரப்பரும் இல்லை. ‘மற்ற பாகங்கள்’ வகையில் 25 சதவீதம்தான் கழிய வேண்டும். 8,000-க்கு 6,000 வர வேண்டும், 4,000 வந்திருக்கிறது. வித்தியாசம் 2,000. இறுதி பில்லில் டயருக்கும் ரிம்முக்கும் தனித்தனி பார்ட் நம்பர், தனித்தனி விலை இருப்பதால் நிரூபிக்க வேறெதுவும் தேவையில்லை.

பேட்டரிக்கு வருவோம். எட்டு மாதப் பேட்டரிக்கு 50 சதவீதமா என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அட்டவணை பேட்டரியின் வயதைக் கேட்பதே இல்லை. பேட்டரி பில்லைக் காட்டினாலும் அடிப்படைப் பாலிசியில் விகிதம் மாறாது. இதே விதி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும்: ஆயுள் முடியும் தறுவாயில் இருந்த நான்கு வருஷப் பேட்டரி மோதலில் உடைந்தாலும் புதிய பேட்டரியின் பாதி விலை கிடைக்கும். ஒவ்வொரு டயரின் ஓட்டத்தையும் ஒவ்வொரு பேட்டரியின் வயதையும் தனித்தனியே அளந்தால் எல்லா க்ளெய்மும் சண்டையில் முடியும். ஒரே விகிதம் அந்தச் சண்டையைத் தவிர்க்கிறது. புதிதாக வாங்கியவருக்கு இது பாரபட்சமாகத்தான் தெரியும், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் சர்வேயருக்கு அதை மாற்றும் அதிகாரம் கிடையாது.

பேட்டரியில் உண்மையான சண்டை விகிதத்தில் வருவதில்லை, அது விபத்தில்தான் கெட்டதா என்பதில் வருகிறது. பெட்டி விரிசல், ஆசிட் கசிவு, உடைந்த டெர்மினல் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் சேதங்கள். உங்களுடையதில் பெட்டி விரிந்திருப்பது முதல் ஆய்வுப் படத்திலேயே இருக்கிறது, அதனால் 2,500 சிக்கலின்றி வந்தது. பலருக்கு நேர்வது வேறு. வண்டி பாகத்துக்காக ஒர்க்‌ஷாப்பில் ஒரு மாதம் நிற்கும். யாரும் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றியிருக்க மாட்டார்கள். வண்டியின் மின்கருவிகள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து பேட்டரி முழுவதும் இறங்கி, திரும்ப சார்ஜ் ஏற மறுக்கும். ஒர்க்‌ஷாப் புதுப் பேட்டரியை எஸ்டிமேட்டில் சேர்க்கும், சர்வேயர் விபத்துச் சேதம் இல்லை என்று அடித்துவிடுவார். அவர் சொல்வது பாலிசிப்படி சரி. இதைத் தவிர்க்க, வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும் அன்றே பேட்டரி வோல்டேஜை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள, முழு சார்ஜ் ஏறிய லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவைக்கவும் சொல்லுங்கள். பிறகு பேட்டரி கெட்டால் அது யார் பொறுப்பில் கெட்டது என்பதற்கு எழுத்தில் சான்று இருக்கும்.

பழைய பேட்டரிக்கு ஈயத்துக்காக ஒரு மாற்று விலை உண்டு. அதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு புதிய பேட்டரியின் விலையைக் குறைத்திருந்தால், நிறுவனமும் அந்தக் குறைந்த விலையில்தான் பாதி தரும். பழையதை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் மதிப்பைச் சால்வேஜ் என்று சர்வேயர் கழிக்கலாம். இரண்டு இடத்திலும் ஒரே தொகையைக் கழித்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். உங்கள் ஷீட்டில் அப்படி எதுவும் இல்லை.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அட்டவணையில் ‘பேட்டரி’ என்று பொதுவாகத்தான் இருக்கிறது. 2002-இல் எழுதியபோது மனத்தில் இருந்தது 12 வோல்ட் பேட்டரி. ஆனால் தரையடியில் உள்ள பெரிய பேட்டரிக்கு விலக்கு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. காரின் விலையில் கணிசமான பகுதி அந்தப் பேட்டரிதான் என்பதால் பாதி என்றால் லட்சக் கணக்கில் வரும். அந்த வண்டிகளுக்குப் பாலிசி எடுக்கும்போதே, பெரிய பேட்டரிக்கும் தேய்மானம் இல்லை என்று பெயர் சொல்லி எழுதிய கூடுதல் கவர் இருக்கிறதா என்று வாசகத்தில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது பிழை பெயிண்டிங்கில். அட்டவணையின் கடைசி வரியைப் பலரும் தவறாகப் படிப்பது இங்கேதான். பெயிண்டிங்குக்கு 50 சதவீதம் என்பது உண்மை, ஆனால் அது பெயிண்ட் பொருளின் விலைக்கு மட்டும். கூலிக்கு இல்லை. பில்லில் பொருளும் கூலியும் பிரிக்காமல் மொத்தமாக இருந்தால், மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அட்டவணையே சொல்கிறது. உங்கள் 12,000-இல் பொருள் 3,000, அதில் பாதி 1,500 கழிந்து 10,500 வர வேண்டும். ஷீட்டில் முழு 12,000-க்கும் பாதி கழித்து 6,000 போட்டிருக்கிறார்கள். வித்தியாசம் 4,500. மொத்த பெயிண்டிங் பில்லில் கழிவு எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால் ஏதோ தவறு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

லேபர் 8,000 முழுதாக வந்திருக்கிறது. ஏசி கேஸ், கிளிப் வகையறா 2,000 வரவில்லை. அவை கன்ஸ்யூமபிள்ஸ், அதாவது வேலையில் செலவாகித் தீரும் பொருட்கள். அடிப்படைப் பாலிசியில் வழக்கமாகத் தர மாட்டார்கள். கடைசியில், ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. 1500 சிசி வரையிலான தனியார் கார்களுக்கு அந்தத் தொகை, அதற்கு மேல் 2,000.

திருத்தியபின் கூட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் 12,500, டயர் 3,000, பேட்டரி 2,500, ரிம் உட்பட உலோகம் 32,000-இல் 24,000, கண்ணாடி 9,000, பெயிண்டிங் 10,500, லேபர் 8,000, மொத்தம் 69,500. கட்டாயக் கழிவு போக 68,500. உங்கள் பங்கு 37,000 இல்லை, 30,500. அதில் 18,000 பிளாஸ்டிக், டயர், பேட்டரி மூன்றுக்கும் போகிறது. இதே விபத்து வண்டி வாங்கிய ஐந்தாவது மாதத்தில் நடந்திருந்தால் உலோகத்தின் 8,000 மட்டும் மிச்சமாகியிருக்கும். இந்த 18,000 அப்போதும் உங்கள் கையிலிருந்துதான் போயிருக்கும். புது வண்டிக்குத் தேய்மானக் கவர் எதற்கு என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. இடி முதலில் விழுவது பம்பரிலும் லைட்டிலும்தான், அங்கே புது வண்டிக்குச் சலுகை கிடையாது.

அடுத்த புதுப்பிப்பில் தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் கவரை, அதாவது பம்பர் டு பம்பர் என்று சொல்லப்படும் ஜீரோ டெப்பை, எடுக்க நினைத்தால், அந்தப் பெயரை நம்பி எல்லாம் வரும் என்று எண்ண வேண்டாம். இது டாரிஃப் காலத்து அட்டவணை போல ஒரே வாசகம் இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிளாஸ்டிக், ரப்பர், உலோகத் தேய்மானத்தை அநேகமாக எல்லாமே நீக்கிவிடும். ஆனால் பல வாசகங்களில் டயரும் டியூபும், சிலவற்றில் பேட்டரியும் ஜீரோ டெப்புக்கு வெளியே இருக்கும். அவற்றுக்குப் பழைய 50 சதவீதமே தொடரும். உங்கள் விபத்தையே எடுத்துக்கொண்டால், டயரையும் பேட்டரியையும் விலக்கிய ஜீரோ டெப் இருந்திருந்தால் உங்கள் பங்கு டயர் 3,000, பேட்டரி 2,500, கன்ஸ்யூமபிள்ஸ் 2,000, கட்டாயக் கழிவு 1,000, ஆக 8,500. பேட்டரியும் சேர்ந்த வாசகமாக இருந்தால் 6,000. கன்ஸ்யூமபிள்ஸ் கவரும் தனியாக எடுத்திருந்தால் 4,000. வருஷத்துக்கு இத்தனை க்ளெய்முக்குத்தான் தேய்மானம் நீக்கப்படும் என்ற வரம்பும் பல பாலிசிகளில் உண்டு, பெரும்பாலும் இரண்டு. 3,000 ரூபாய்ச் சின்னக் கீறலுக்கு அதில் ஒன்றைச் செலவழித்துவிட்டால் வருஷக் கடைசியில் பெரிய மோதலுக்குக் கைவசம் ஒன்றும் இருக்காது. டயருக்கென்று தனிக் கவர் எடுத்தால், அதில் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும் காடியின் ஆழத்தை அளந்தே முடிவு செய்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. 62,000-ஐ முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்வதாக உள்ள வவுச்சரில் கையெழுத்து போடாதீர்கள். போட்டால் பின்னால் கேட்பது கடினம். சர்வே அறிக்கையின் முழுப் பிரதியை மின்னஞ்சலில் கேளுங்கள், அதைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பிறகு க்ளெய்ம் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாதி விலை நியாயமில்லை என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். இரண்டு வரிகளை மட்டும் எடுத்து எழுதுங்கள்: அலாய் வீல் உலோகப் பாகம், பதிவுத் தேதி இது, விபத்துத் தேதி இது, எனவே 25 சதவீதம், 2,000 பாக்கி, பெயிண்டிங் மொத்த பில், பொருள் 25 சதவீதம், எனவே கழிவு 1,500, 4,500 பாக்கி. பாலிசியின் தேய்மான அட்டவணைப் பக்கத்தையும், ரிம்மும் டயரும் தனித்தனியாக உள்ள இறுதி பில்லையும் இணையுங்கள். டயர், பேட்டரி, பம்பர் பற்றி அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். சரியான வரிகளையும் சேர்த்து எதிர்த்தால் தவறான இரண்டும் அதற்குள் மறைந்துபோகும்.

க்ளெய்ம் பிரிவு மறுத்தால் அதே கடிதத்தை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்தின் மறுப்பு வந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.